எலக்ட்ரீஷியன் 4, பிளம்பர் 3, ஹெல்பர் 7 தேவை: திருச்சி கே.கே.நகர் சைட்

வணக்கம் மேஸ்திரிகளே, கான்ட்ராக்டர் அண்ணன்களே.

கே.கே.நகர் அபார்ட்மெண்ட் சைட்டுக்கு வரும் திங்கள் காலையிலிருந்து ஆள் தேவை. கீழே கார் பார்க்கிங், மேலே 3 மாடி, மாடிக்கு 4 வீடு, மொத்தம் 12 வீடு. கட்டுவேலை முடிந்துவிட்டது. ஸ்லாப் பைப் கான்கிரீட் போடும்போதே போட்டாச்சு. இப்போ பாக்கி இருப்பது சுவரில் காடி வெட்டி பைப், பாக்ஸ் வைப்பதும், பாத்ரூம், கிச்சன் பிளம்பிங் லைனும்தான். ஒயர் இழுப்பது, ஃபிட்டிங் மாட்டுவது இதில் வராது, பெயிண்ட் முதல் கோட் முடிந்தபிறகு அதற்குத் தனியாகக் கூப்பிடுவேன்.

*நாள் கூலி*
எலக்ட்ரீஷியன்: ரூ.1,100
பிளம்பர்: ரூ.1,150
ஹெல்பர் (இரண்டுக்கும்): ரூ.750

வேலை 40 நாள் போகும். காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. டீ இரண்டு வேளையும் சைட்டில் கொடுப்போம், சாப்பாடு அவரவர் பொறுப்பு. 6 மணிக்கு மேல் நின்று 9.30 வரை பார்த்தால் அரை நாள் கூலி. ஞாயிறு லீவு.

சனிக்கிழமை சாயங்காலம் 5.30-க்கு பட்டுவாடா. கையில் பணமாகவோ ஜிபேயிலோ, வேலை செய்தவர் பெயருக்கே போகும். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டருக்கு ஆளுக்கு நாளுக்கு 50 ரூபாய் நாங்களே தனியாகத் தருகிறோம். அதனால் மேலே போட்டிருக்கும் கூலியிலிருந்து யாரும் பிடிக்க வேண்டாம். 1,100 சொல்லிக் கூட்டிவந்து 900 கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் அந்த ஆள் வரமாட்டான், நஷ்டம் எனக்குத்தான்.

*வேலை எப்படி இருக்கணும்*
காடி வெட்ட கட்டர் மெஷின்தான், உளி சுத்தியல் மட்டும் வைத்துக்கொண்டு வர வேண்டாம். பீம், காலம் பக்கம் பிளேடு போகவே கூடாது. நாலரை இஞ்ச் சுவரில் படுக்கை காடி கிடையாது, மேலிருந்து நேராக இறக்கிவிடுங்கள். ரூமுக்கு ரூம் மட்டக்கோடு போட்டு வைத்திருக்கிறோம், பாக்ஸ் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து அளந்துதான் வைக்கணும்; தரையிலிருந்து அளந்தால் டைல்ஸ் ஒட்டியபிறகு ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தெரியும்.

பிளம்பிங்கில் தண்ணீர் லைன் சிபிவிசி, கழிவு லைன் பிவிசி 110, 75. கழிவு பைப்புக்கு நாலு அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம். ஒரு பாத்ரூம் முடிந்ததும் பம்ப் மாட்டி 5 கிலோ பிரஷர் ஏற்றி ராத்திரி முழுக்க விடுவோம். காலையில் முள் இறங்கியிருந்தால் ஜாயிண்ட்டைக் கண்டுபிடித்து அறுத்து மாற்றியபிறகுதான் பூச்சுக்காரர் உள்ளே வருவார். இதற்கு நின்று பதில் சொல்கிற பிளம்பர்தான் வேண்டும். போன சைட்டில் ஒரு டீம் பாதியில் வேறு வேலைக்குக் கிளம்பிப்போய், பூசின சுவரை மறுபடி உடைத்தோம்.

கட்டர், டிரில், கை சாமான் உங்களுடையது. பிளேடு, சொல்யூஷன், பைப், பாக்ஸ் எங்களுடையது. ஹெல்மெட் சைட்டில் இருக்கு, ஷூ போட்டு வாங்க, செருப்போடு சாரம் ஏற விடமாட்டேன்.

எலக்ட்ரீஷியன்களில் ஒருவராவது வயர்மேன் லைசென்ஸ் உள்ளவராக இருக்கணும். எல்லோரும் ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவாங்க. கட்டுமான நலவாரிய அட்டை இருந்தால் அதையும். இல்லாதவர்கள் சொல்லுங்க, பதிவுக்கு வேண்டிய வேலைச் சான்றில் கையெழுத்து போட்டுத் தருகிறேன்.

வெளியூர் ஆட்களுக்கு சைட் ஷெட்டில் தங்க இடம், ஃபேன், பாத்ரூம் இருக்கு. சமைத்துக்கொள்ளலாம். குடித்துவிட்டு வந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன், சிபாரிசோடு யாரும் வராதீங்க.

குரூப்பில் "ஓகே" போட்டால் எனக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பேர், என்ன வேலை, என்று வரமுடியும் என்று எனக்குத் தனியாக அனுப்புங்க.

– சைட் சூப்பர்வைசர்

*(இரவு 8.10)*

நிறைய பேர் ஒரே கேள்வி கேட்பதால் மொத்தமாகச் சொல்கிறேன்.

பாயிண்ட் ரேட் கிடையாது, நாள் கூலி மட்டும்தான். பாயிண்ட்டுக்கு விட்டால் அவசரத்தில் காடி ஆழமில்லாமல் போகுது, பைப் பூச்சுக்கு வெளியே துருத்துது.

அட்வான்ஸ் இல்லை. முதல் ஆறு நாள் பார்த்தபிறகு அவசரமென்றால் கேளுங்க, கொடுப்போம். புதுக்கோட்டை, துறையூர் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வாரம் முடித்ததும் ஒருமுறை பஸ் சார்ஜ் உண்டு.

பிளம்பர் ஹெல்பர் 3 பேரும் கிடைத்துவிட்டார்கள், இனி அனுப்ப வேண்டாம். எலக்ட்ரீஷியன் 2, அவர்களுக்கு ஹெல்பர் 3, பிளம்பர் 1 இன்னும் பாக்கி. ஞாயிறு மதியம் 12-க்குள் பேர் வரவில்லை என்றால் வெளியூர் டீமுக்குச் சொல்லிவிடுவேன், பிறகு கோபித்துக்கொள்ளாதீங்க அண்ணே.

லொகேஷன் கீழே போட்டிருக்கேன். கே.கே.நகர் பஸ்ஸில் வந்து கடைசி ஸ்டாப்பில் இறங்கி போன் பண்ணுங்க, வாட்ச்மேன் வந்து கூட்டிவருவார்.