கேள்விப் பட்டியல்: ஆங்கில மொழிபெயர்ப்பை அனுப்புவதற்கு முன்

மண்டபம், திங்கள் இரவு

அன்புள்ள அக்கா,

உங்கள் புத்தகத்தின் 294 பக்கமும் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். படிக்கும்போது 41 இடத்தில் பென்சிலால் குறி போட்டிருந்தேன். பெரும்பாலானவை முன்னும் பின்னும் புரட்டியதில் தெளிந்துவிட்டன. மிச்சம் உள்ளவற்றுக்கு நீங்கள் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். பக்க எண்கள் இரண்டாம் பதிப்பின்படி.

எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினால் போதும். புதன் இரவுக்குள் வந்தால் நிம்மதி. வராவிட்டால் எதை வைத்துக்கொள்வேன் என்பதையும் ஒவ்வொன்றிலும் சொல்லியிருக்கிறேன். முதல் மூன்றுக்கும் 130ஆம் பக்கத்துக்கும் மட்டும் அப்படி நானாக முடிவெடுக்க மனம் வரவில்லை. இன்னொன்று: வேண்டுமென்றேதான் இரண்டு பொருளும் வரும்படி எழுதினீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் அப்படியே விட வழி தேடுகிறேன்.

பக்கம் 41, கடைசி வரி. "அவுக வரலை."

புயலுக்கு மறுநாள் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர்களைப் பார்க்கப் பாம்பன் கரையில் நிற்கும் சூசையின் மனைவி சொல்வது. நம் பக்கத்தில் ஒரு பெண் 'அவுக' என்றால் வீட்டுக்காரராகவும் இருக்கலாம், போன அத்தனை பேராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஹி' என்றால் அவள் தன் புருஷனை மட்டும் தேடுகிறாள். 'தே' என்றால் படகில் போன நாலு பேரையும் தேடுகிறாள். 43ஆம் பக்கத்தில் மற்ற மூன்று பேரும் உயிரோடு வந்து சேர்கிறார்கள். அப்படியானால் இந்த வரியைச் சொல்லும்போது அவள் கண்முன் யார் நிற்கிறார்கள்? அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாளா? அதைப் பொறுத்து முழு அத்தியாயத்தின் கனமும் மாறுகிறது. நான் மூன்று நாளாக இந்த இரண்டு வார்த்தையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர்தான் என்றால், பெயரும் சொல்லாமல் 'ஹி' என்றும் சொல்லாமல், "என் வீட்டு ஆள் வரவில்லை" என்ற மாதிரி ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். அது உங்களுக்குச் சம்மதமா என்றும் தெரிய வேண்டும்.

பக்கம் 57. "காணாமல் போன அண்ணனின் வலையை அம்மா தினமும் கரையில் தேடினாள்."

காணாமல் போனது அண்ணனா, வலையா? முதல் முறை படித்தபோது அண்ணன் என்று சந்தேகமே இல்லாமல் எழுதிவிட்டேன். 112ஆம் பக்கத்தில் அதே அண்ணன் பாசி எடுக்கும் பெண்களுக்கு வள்ளம் ஓட்டுகிறான் என்று வந்ததும் திக்கென்றது. 57க்கும் 112க்கும் நடுவில் அவன் திரும்பி வந்ததாக எங்கேயும் இல்லை. வலைதான் காணாமல் போனது என்றால் சிக்கலே இல்லை. அண்ணன்தான் என்றால், அந்த வருகையை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டுமா, அல்லது நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் சரியா?

பக்கம் 163. "அவனிடம் அட்டை இருந்ததுதான் வினையாகிவிட்டது."

கடல் அட்டையா, அடையாள அட்டையா? பிடிபட்டவன் என்பதால் கடல் அட்டை என்றே எல்லோரும் படிப்பார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இதே அத்தியாயத் தொடக்கத்தில் "ரோட்டுப் பாலம் திறந்து பத்து வருசம்" என்கிறீர்கள். பாலம் திறந்தது 1988. அப்படியென்றால் கதை நடப்பது 1998ல். கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது 2001ல்தான். 1998ல் அதை வைத்திருந்ததற்காக அந்தச் சட்டத்தில் ஒருவனைப் பிடித்திருக்க முடியாது. அடையாள அட்டை என்றால் வருடம் சரி. கடல் அட்டை என்றால் "பத்து வருசம்" என்பதை மாற்ற வேண்டியிருக்கும், அதை நான் மாற்ற மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். தமிழில் அடுத்த பதிப்பு வந்தால் அங்கேயும் திருத்த வேண்டிய இடம் இது.

இனி வருபவை கொஞ்சம் இலகுவானவை.

பக்கம் 49. "புயலுக்குப் பிறகு கரையெல்லாம் வாடி கிடந்தது." 'க்' இல்லாததால் மீன் காயவைக்கும் வாடி என்று பொருள் வருகிறது. 'வாடிக் கிடந்தது' என்றால் கரையே வாடிப்போய்க் கிடந்தது. அச்சுப்பிழையா? இந்தப் பதிப்பில் வேறு சில இடங்களிலும் ஒற்று விட்டுப்போயிருப்பதால் பிழை என்று வைத்துக்கொண்டு இரண்டாவது பொருளில் எழுதியிருக்கிறேன். ஆனால் புயல் பிய்த்தெறிந்த வாடிகளின் ஓலையும் கம்பும் கரை நெடுகக் கிடந்த காட்சியும் மனதை விட்டுப் போகவில்லை.

பக்கம் 70. "அக்காவைப் போல நான் கடலுக்குப் பயப்படவில்லை." அக்கா பயந்தவளா, பயப்படாதவளா? அவள் முகத்தில் கண்ணாடி கட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்கு முங்குவதை 66ல் அத்தனை நெருக்கமாகக் காட்டியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பயப்படாதவள் என்றே எழுதினேன். ஆனால் விரலில் சுற்றிய துணி நனைவதற்கு முன்னால் அவள் ஒரு நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அது பயமா?

பக்கம் 94. "அன்றைக்கும் குளிக்கத்தான் போனார்." கீழக்கரை அத்தியாயம் என்பதால் சங்கு குளிக்க என்று எடுத்துக்கொண்டேன். மாற்றம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

பக்கம் 88. "புயலுக்கு மூன்றாம் வருசம் தம்பி பிறந்தான்." புயல் 1964 டிசம்பரில். அந்த வருடத்தையும் சேர்த்து எண்ணினால் 1966, விட்டு எண்ணினால் 1967. 201ல் 1980 கடைசியில் அவனுக்குப் பதினான்கு வயது முடிந்திருப்பதால் 1966 என்று வைத்துவிட்டேன்.

பக்கம் 130 முதல் 137 வரை. கிணற்றடியில் விழும் பிள்ளை ஆணா பெண்ணா என்று எட்டுப் பக்கத்திலும் வரவே இல்லை. "பிள்ளை அழுதது", "அதைத் தூக்கி மடியில் போட்டாள்" என்றே போகிறது. தமிழில் இந்த 'அது'வில் எவ்வளவு வாஞ்சை இருக்கிறது! ஆங்கிலத்தில் 'இட்' என்று போட்டால் ஏதோ பொருளைத் தூக்கியது போல் ஆகிவிடும். 'தி சைல்ட்' என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன், நாலாவது தடவையே விறைத்துப்போகிறது. உங்கள் மனதில் பையனா, பெண்பிள்ளையா? சொல்லவே கூடாது என்றால் அந்த எட்டுப் பக்கத்தையும் பாட்டியின் வாயில் 'என் கண்ணு' என்று வரும்படி மாற்றி நெய்ய வேண்டும். அதற்கு எனக்கு ஒரு முழு நாள் தேவை. ஆகவே முதல் மூன்றுக்கு அடுத்து இதற்குத்தான் சீக்கிரம் பதில் வேண்டும்.

'ஆண்கடல்', 'பெண்கடல்' இரண்டையும் நேர்ச்சொல்லாகவே மொழிபெயர்த்து, முதல் முறை வரும்போது தென்பக்கத்து மன்னார் வளைகுடா, வடபக்கத்துப் பாக் விரிகுடா என்று வாக்கியத்துக்குள்ளேயே புரியவைத்துவிட்டேன். அடிக்குறிப்பு வைக்கவில்லை. கொண்டல், கச்சான் போன்ற காற்றுப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. இவற்றுக்குப் பதில் தேவையில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் தங்கச்சிமடம் வந்துவிடுகிறேன். 41ஆம் பக்கத்தின் ஆங்கிலத்தை மட்டும் உங்கள் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை