எபிசோட் 14: மாநகராட்சி நடத்திய வானொலி

▶ கேட்க | 34 நிமிடம் 12 நொடி | பதிவிறக்கம் | வேகம் 1×

குப்பை அள்ளுவதும் குழாய்த் தண்ணீர் விடுவதும்தான் மாநகராட்சியின் வேலை என்று நினைக்கிறோம். சென்னை மாநகராட்சி எட்டு ஆண்டுகள் வானொலியும் நடத்தியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறக்காத காலத்தில் தொடங்கியது அது.

கதை 1924இல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து மெட்ராஸ் மாகாண ரேடியோ சங்கத்தை அமைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. அவர்களுடைய முதல் டிரான்ஸ்மிட்டரின் திறன் 40 வாட். நம் வீட்டுத் திண்ணையில் எரிந்த குண்டு பல்பின் அளவு! பிறகு 200 வாட் கருவி வந்தது. வராதது பணம். 1927இல் சங்கம் கையை விரித்துவிட்டது.

கருவிகளை மாநகராட்சி எடுத்துக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. அதே தேதியில்தான், திவாலான இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் பம்பாய், கல்கத்தா நிலையங்களை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. வடக்கே ஒரு தனியார் நிறுவனம் மூழ்கிய நேரத்தில் இங்கே ஒரு நகரசபை துணிந்து இறங்கியது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒலிவாங்கியின் முன்பே சண்டை போட்டுக்கொண்டதை வெட்டாமல் விட்டிருக்கிறோம். துணிச்சல் என்பது என் கட்சி. கையில் கருவி இருந்தது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

மாலையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப்பாடம் என்று போன இந்தச் சேவை, 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதோடு முடிவுக்கு வந்தது.

பழைய காலம் போலத் தோன்றவேண்டும் என்பதற்காகக் கரகரவென்ற ஓசையைச் செயற்கையாகச் சேர்க்கவில்லை. பல பாட்காஸ்ட்களில் அதைக் கேட்டு அலுத்துவிட்டது.

02:10 சங்கமும் 40 வாட்டும்
11:45 பணம் எங்கே போனது?
19:30 மாநகராட்சி வருகிறது (சண்டை 23:05இல்)
29:20 1938

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், யூடியூப் மூன்றிலும் எங்களைப் பின்தொடரலாம். வேறு செயலியில் கேட்பவர்கள் கீழே உள்ள ஆர்எஸ்எஸ் இணைப்பை நகலெடுத்து ஒட்டினால் போதும். கட்டணம் கிடையாது. முழு உரைவடிவம் பிளேயருக்குக் கீழே இருக்கிறது. காது கேளாத வாசகர் ஒருவர் கேட்டதால் போன மாதத்திலிருந்து தருகிறோம்.

அடுத்த எபிசோட் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வரும்: 1939இல் திறந்த திருச்சி நிலையம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். வானொலிப் பெட்டி வைத்திருக்க ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய காலம் உண்டு. அந்த லைசென்ஸ் புத்தகம் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதில் ஒட்டிய முத்திரை தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள்.