ஆசிரியர் ஊக்கம்: முன்னாய்வுகள் எதை அளந்தன, எதை விட்டுவிட்டன

(கல்வியியல் நிறைஞர் பட்ட ஆய்வேடு, இயல் இரண்டு: தொடர்புடைய ஆய்வுகளின் மீளாய்வு)

ஆசிரியர் ஊக்கம் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் முதல் வாசிப்பில் தோன்றும். பணம் கொடுத்தால் வேலை நடக்கிறது என்று ஒன்று சொல்லும், பணத்தால் ஒன்றும் மாறவில்லை என்று அடுத்தது சொல்லும். இந்த முரணில் பெரும்பகுதி ‘ஊக்கம்’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் வைத்துக்கொண்டதால் வந்தது. பள்ளிக்கு வந்தாரா என்பது ஒன்று. வந்தவர் பாடம் நடத்தினாரா என்பது வேறு. வேலையில் மனநிறைவு உண்டா, பிள்ளைகள் கற்றார்களா என்பவை இன்னும் தள்ளி நிற்பவை. எந்த ஆய்வு இவற்றில் எதை அளந்தது என்று பிரித்து வைத்தால், எதிரும் புதிருமாகத் தெரிந்த முடிவுகள் பலவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆகவே இந்தப் பகுதியை ஆண்டு வரிசையிலோ ஆசிரியர் வரிசையிலோ அமைக்காமல், அளக்கப்பட்ட பொருளின்படி அமைத்திருக்கிறேன்.

ஆசிரியர்களிடமே கேட்டு எழுதப்பட்ட ஆய்வுகளில் வியப்பூட்டும் ஒற்றுமை இருக்கிறது. ஹெர்ஸ்பெர்க் 1959-இல் பொறியாளர்கள், கணக்கர்களை வைத்து உருவாக்கிய இருகாரணிக் கோட்பாட்டை செர்ஜியோவானி 1967-இல் அமெரிக்க ஆசிரியர்களிடம் சோதித்தார். சாதித்த உணர்வும் பிறர் அதை அங்கீகரிப்பதும்தான் அவர்களுடைய நிறைவுக்கு முதன்மைக் காரணங்களாக வந்தன. மனக்குறை வேறு இடத்திலிருந்து வந்தது: நிர்வாகம், மேற்பார்வை, உடன் வேலை செய்பவர்களோடான உறவு. டான் லார்ட்டி 1975-இல் வேறு வழியில் போயும் அருகிலேயே வந்து சேர்ந்தார். ஒரு மாணவனைத் தொட்டுவிட்டோம், அவனுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது என்ற உணர்வைத்தான் ஆசிரியர்கள் பெரிய கூலியாகக் கருதுகிறார்கள் என்றார். முப்பது ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் வாட், ரிச்சர்ட்சன் இருவரும் பணிக்கு வரவிருந்தவர்களைக் கேட்டபோதும், ‘பிள்ளைகளின் எதிர்காலத்தை உருவாக்க’, ‘சமூகத்துக்குப் பயன்பட’ என்ற காரணங்கள் மேலேயும், ‘வேறு வேலை கிடைக்கவில்லை’ என்பது கீழேயும் நின்றன.

ஆனால் இவை மூன்றும் வாய்ச்சொல்லை நம்பிய ஆய்வுகள். ஆசிரியராக வரப்போகிற ஒருவர் வினாத்தாளில் ‘வேறு வழியில்லாமல் வந்தேன்’ என்று குறிக்கத் தயங்கத்தான் செய்வார். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீட்டார்தான். பாதுகாப்பான வேலை, மாலையில் வீடு திரும்பலாம் என்பார்கள். அப்படி வந்தவர்களில் பலர் பின்னால் அருமையான ஆசிரியர்களாக ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பணியில் சேர்ந்த காரணமும் பணியில் நிலைக்கும் ஊக்கமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

வாய்ச்சொல்லை விட்டு வருகையை அளந்தவர்களிடம் படம் வேறாக இருக்கிறது. கிரெமர் குழுவினர் 2003-இல் இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றபோது நான்கில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். அதிகச் சம்பளம் வாங்குபவர்களிடம் வராமை குறைவு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பள்ளியின் வசதிகளும் அதிகாரிகளின் ஆய்வும்தான் வருகையோடு தொடர்புபட்டிருந்தன. பிறகு டூஃப்லோ, ஹன்னா, ரயன் மூவரும் ராஜஸ்தானில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் இதைச் சோதனையாகவே செய்தார்கள். காலையிலும் மாலையிலும் ஒரு மாணவர் ஆசிரியரைப் பிள்ளைகளோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். படத்தில் தேதியும் நேரமும் பதியும். வந்த நாட்களைப் பொறுத்துச் சம்பளம். வராமை 42 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தது, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஓரளவு கூடியது.

இந்த இரண்டையும் சேர்த்து ‘கண்காணித்தால் போதும்’ என்று முடிவுகட்டுவது எளிது. 2017-இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் செய்த ஆய்வு அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்குகிறது. அங்கே பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 விழுக்காடு. அவர்களில் காரணமின்றி வராதவர்கள் மொத்த ஆசிரியர்களில் 2.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தார்கள், அல்லது அரசே அனுப்பிய வேலையில் இருந்தார்கள். பள்ளியும் காலமும் அளவுமுறையும் வேறு என்பதால் இரண்டு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை காரணங்கள் அடங்கியிருக்கும்போது, வருகைக் குறைவை அப்படியே ஊக்கக் குறைவு என்று வாசித்த முந்தைய எழுத்துகள் ஆசிரியருக்கு அநியாயம் செய்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ஊக்கத்தொகை. இதில் நான்கு நாட்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆந்திரக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மாணவர் முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியருக்குச் சிறு தொகை கொடுத்துப் பார்த்த முரளிதரன், சுந்தரராமன், இரண்டு ஆண்டு முடிவில் கணிதத்தில் 0.27, மொழியில் 0.17 திட்டவிலக்க அளவு உயர்வு கண்டார்கள் (2011). கென்யாவில் க்ளூவ், இலியாஸ், கிரெமர் நடத்திய சோதனையில் பரிசோடு இணைத்த தேர்வின் மதிப்பெண் உயர்ந்தது, பிறகு அந்த உயர்வு நிலைக்கவில்லை. நியூயார்க்கில் ஆசிரியர் ஒருவருக்கு 3,000 டாலர் என்ற கணக்கில் பள்ளிகளுக்குக் கொடுத்தும், நாஷ்வில்லில் கணித ஆசிரியருக்கு 15,000 டாலர் வரை அறிவித்தும் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. இந்தோனேசியா இன்னொரு வகை. அங்கே நிபந்தனை எதுவும் வைக்காமல் அடிப்படைச் சம்பளமே இரட்டிப்பாக்கப்பட்டது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பணக்கவலை குறைந்தது, இரண்டாவது வேலைக்குப் போவது குறைந்தது. பிள்ளைகளின் கற்றலில் மாற்றமில்லை.

ஆந்திராவிலும் கென்யாவிலும் ஆசிரியர் வருகை உயரவில்லை என்பதை இங்கே விட்டுவிடக்கூடாது. ஆந்திர ஆசிரியர்கள் வந்த நாட்களில் கூடுதல் வகுப்பும் பயிற்சித் தேர்வும் வைத்தார்கள். கென்ய ஆசிரியர்கள் தேர்வுக்கான தயாரிப்பு வகுப்புகளைக் கூட்டினார்கள். அதாவது பணம், எதற்குக் கொடுக்கப்பட்டதோ அந்தச் செயலைக் கூட்டியிருக்கிறது. ராஜஸ்தானில் வருகைக்குக் கொடுத்தார்கள், வருகை கூடியது. கென்யாவில் தேர்வுக்குக் கொடுத்தார்கள், தேர்வு மதிப்பெண் கூடியது. இந்தோனேசியாவில் எதற்கென்று சொல்லாமல் கொடுத்தார்கள், வாழ்க்கைதான் கொஞ்சம் எளிதானது. (அது சிறிய விஷயமில்லை. மாதக் கடைசியில் கடன் வாங்காமல் இருக்கும் ஆசிரியரின் நிம்மதி தன்னளவிலேயே மதிப்புள்ளது, அதற்கு மதிப்பெண் சாட்சி தேவையில்லை.) அமெரிக்க முடிவுகள் மட்டும் இந்தக் கோட்டில் முழுதாகப் பொருந்தவில்லை. அங்கே எந்தச் செயலை மாற்றினால் மதிப்பெண் உயரும் என்பது ஆசிரியருக்கே தெளிவாக இல்லாமலிருக்கலாம், அல்லது செய்ய முடிந்ததை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்திருக்கலாம்.

டெசி, ரிச்சர்ட் ரயன் வகுத்த தன்னிர்ணயக் கோட்பாடு இங்கே உதவுகிறது. தன் விருப்பில் செயல்படுதல், திறமை உணர்வு, உறவு ஆகிய மூன்று தேவைகள் நிறைவேறும்போதுதான் உள்ளார்ந்த ஊக்கம் வளரும் என்பது அதன் மையம். 1999-இல் அவர்கள் கோஸ்ட்னரோடு சேர்ந்து 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே அறிவித்துக் கொடுக்கும் பரிசு, விரும்பிச் செய்யும் வேலையின் மீதான நாட்டத்தைக் குறைத்தது. மனமாரப் பாராட்டுவது அதைக் கூட்டியது. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் குழந்தைகளும் கல்லூரி மாணவர்களும் ஆய்வறையில் புதிர் போன்ற வேலைகளைச் செய்தார்கள். இருபது ஆண்டு சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அதை அப்படியே நீட்டுவதை நான் ஏற்கவில்லை. ஆந்திர முடிவும் அதற்கு எதிராகவே நிற்கிறது. கோட்பாட்டிலிருந்து இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: அதிகாரிகளின் ஒரே ஆய்வு வருகை, ஒருவருக்கு ‘என்னைப் பிடிக்க வந்தார்கள்’ என்றும் மற்றவருக்கு ‘எனக்கு உதவ வந்தார்கள்’ என்றும் படலாம். கிரெமர் குழுவினர் கண்ட தொடர்பில் இந்த வேறுபாடு அளக்கப்படவில்லை.

இதுவரை பார்த்தவை ஆசிரியரையும் பள்ளியையும் சுற்றியவை. டினம், ஸ்காட் இருவரும் 1998-இல் மூன்றாவது தளம் ஒன்றைச் சேர்த்தார்கள்: மேலிருந்து திணிக்கப்படும் மாற்றங்கள், சமூகத்தில் ஆசிரியருக்குள்ள மதிப்பு, ஊடகங்களின் பேச்சு. இவற்றில் ஆசிரியர் கைவைக்கவே முடியாது என்பதால் அதிருப்தி இங்கேதான் ஆழமாக இருந்தது. இந்தியாவுக்கு இந்தத் தளமே முதன்மை என்பதை விமலா ராமச்சந்திரன் குழுவினர் ராஜஸ்தானில் செய்த ஆய்வும் (2005), பணியிட மாறுதலில் அரசியல் செல்வாக்கு பற்றிய தாரா பெத்தெயின் ஆய்வும் காட்டுகின்றன. ஊக்கத்தைக் குலைப்பவையாக அங்கே வருபவை மாறுதல், பல வகுப்புகளை ஒருவரே நடத்துவது, கற்பித்தல் அல்லாத பணி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த வேறு பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தத் தடைவிதித்திருக்கிறது. பள்ளிக்குள்ளேயே கேட்கப்படும் விவரத் தொகுப்பு அந்தத் தடைக்குள் வருவதில்லை.

அது எப்படி இருக்கும் என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு, 38 பிள்ளைகள். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பல மாதம் எழுத்துக்கூட்டியே படித்துக்கொண்டிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ‘மழை’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த நேரத்தில் கைபேசி அடித்தது. எல்லாப் பிள்ளைகளின் காலணி அளவும் பதினொரு மணிக்குள் வேண்டும். நான் அளவெடுத்து முடித்துத் திரும்பியபோது அவன் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டிருந்தான். லார்ட்டி சொன்ன கூலி அன்று என் கைக்கு வந்தது, அதை நின்று வாங்கிக்கொள்ள எனக்கு நேரமில்லை. செர்ஜியோவானியின் பட்டியலில் சாதனை உணர்வும் நிர்வாகத் தொல்லையும் தனித்தனி வரிசையில் இருக்கின்றன. வகுப்பறையில் ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்கிறது.

இங்கேதான் முன்னாய்வுகளில் ஒரு வெற்றிடம் தெரிகிறது. வருகையை அளந்தவர்கள் வந்தவரின் நேரம் எங்கே போனது என்று நாள் முழுக்கத் தொடரவில்லை. மனநிறைவைக் கேட்டவர்கள் நேரத்தைக் கணக்கெடுக்கவில்லை. ஊக்கத்தொகை ஆய்வுகள் கூடுதல் முயற்சியை அளந்தன, குறுக்கீடுகளை அளக்கவில்லை. ஆகவே இந்த ஆய்வு தர்மபுரி மாவட்டத்தில் இரண்டு ஒன்றியங்களின் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில், பத்து வேலைநாட்களுக்கு ஆசிரியர்களின் வகுப்பு நேரத்தை அரைமணி அரைமணியாகப் பதிவுசெய்து, அதே நாட்களில் அவர்கள் எழுதும் ஊக்க அளவுகோலோடு ஒப்பிடுகிறது. கேட்கும் கேள்வி இது: கற்பிப்பதில் விருப்பம் குறைந்ததால் ஆசிரியரின் கற்பித்தல் நேரம் குறைகிறதா, கற்பித்தல் நேரம் பறிபோவதால் விருப்பம் குறைகிறதா?