பதினெட்டு ஆச்சு, முதல் ஓட்டு போட்டாச்சா?

யாருக்கு என்று கேட்க மாட்டோம். போட்டாச்சா என்று மட்டும் கேட்போம்.

1989-க்கு முன்னால் இந்த நாட்டில் ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். அரசியலமைப்பின் 61-வது திருத்தம் அதை 18 ஆக்கியது. நமக்காகவே முன்னால் இழுத்து வைத்த உரிமை இது. தேர்தல் நாளை இன்னொரு விடுமுறையாகக் கழித்துவிடாதீர்கள்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்? 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா. இரண்டு சட்டமன்றத் தொகுதிகளிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஓட்டுதான். "நான் ஒருத்தன் போகலைன்னா என்ன" என்று அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

நிற்கிற யாரையும் பிடிக்கவில்லையா? அப்போதும் வாருங்கள். 2013 முதல் இயந்திரத்தின் கடைசி வரிசையில் நோட்டா இருக்கிறது.

அட்டை இருந்தால் போதாது, பட்டியலில் பேர் இருக்கணும்!

இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். கையில் வாக்காளர் அடையாள அட்டை இருந்தும் பட்டியலில் பேர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பேர் இருந்து அட்டை மட்டும் வரவில்லை என்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஒன்றைக் காட்டலாம். அதனால் இன்றைக்கே voters.eci.gov.in தளத்தில் பேரைத் தேடுங்கள். இல்லையா? படிவம் 6 நிரப்புங்கள். 17 முடிந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பேர் சேர்க்க வழியில்லை, விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் நாளாகும். சந்தேகம் இருந்தால் 1950-க்கு அழையுங்கள்.

ஏழு நொடி நில், உன் ஓட்டைப் பார்!

பொத்தானை அழுத்தியதும் ஓடி வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் நீங்கள் தேர்ந்த பேரும் சின்னமும் சீட்டில் ஏழு நொடி தெரியும். பார்த்துவிட்டு வாருங்கள். அந்தச் சீட்டு உள்ளேயே விழுந்துவிடும், உங்கள் கைக்கு வராது. உங்கள் தேர்வை வீட்டிலோ, நண்பர்களிடமோ, சாவடி வாசலிலோ யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அப்புறம், வரிசை நீளமாக இருக்கிறதென்று திரும்பிவிட வேண்டாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால், இரவு ஆனாலும் உங்களை ஓட்டுப் போட வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஊர்வலத்தில் சேர்ந்து சொல்ல:

பதினெட்டு ஆச்சா?
ஆச்சு! ஆச்சு!

பட்டியல்ல பேர் பார்த்தாச்சா?
பார்த்தாச்சு!

காசு கொடுத்தா?
வாங்க மாட்டோம்!

மிரட்டிப் பார்த்தா?
மசிய மாட்டோம்!

வரிசை நீண்டா?
நின்னு போடுவோம்!

யாருக்கு ஓட்டு?
அது எங்க ரகசியம்!