நூலகக் கூரைக் கூட்டம்: நவம்பர் 1, சனிக்கிழமை, இலங்கை நேரம் மாலை 5.00

மாங்குளம்
17 ஒக்டோபர் 2025, வெள்ளிக்கிழமை

எங்கள் பாடசாலையில் படித்து, இன்று பல தேசங்களில் வாழும் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும்,

வணக்கம்.

நூலகக் கூரை பற்றி முடிவெடுக்கும் கூட்டம் 2025 நவம்பர் 1, சனிக்கிழமை, இலங்கை நேரம் மாலை 5.00 மணிக்கு ஸூமில் தொடங்கி, 6.15 மணிக்கு முடியும். அந்த நேரம் உங்கள் ஊர்க் கடிகாரத்தில் இப்படி இருக்கும்:

வான்கூவர்: நவம்பர் 1, சனி, அதிகாலை 4.30
ரொறன்ரோ: நவம்பர் 1, சனி, காலை 7.30
லண்டன்: நவம்பர் 1, சனி, முற்பகல் 11.30
பாரிஸ், சூரிச், ஒஸ்லோ: நவம்பர் 1, சனி, பகல் 12.30
சென்னை: நவம்பர் 1, சனி, மாலை 5.00 (இலங்கை நேரமேதான்)
பிரிஸ்பேன்: நவம்பர் 1, சனி, இரவு 9.30
சிட்னி, மெல்பேர்ண்: நவம்பர் 1, சனி, இரவு 10.30

எல்லா ஊரிலும் அன்று சனிக்கிழமைதான். கைத்தொலைபேசி நாட்காட்டியில் குறித்து வைப்பவர்கள் நேர வலயத்தை Asia/Colombo என்று தெரிவுசெய்து 17:00 எனப் போடுங்கள். உலகப் பொது நேரத்தில் அது 11:30.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் நான்தான். யூலை 13 கூட்டத்துக்கு "ஞாயிறு 8 மணிக்கு" என்று மட்டும் அறிவித்தேன். நான் நினைத்தது எங்கள் இரவு எட்டு. ரொறன்ரோத் தம்பிமார் தங்கள் காலை எட்டுக்கு வந்தார்கள். இங்கே அப்போது மாலை ஐந்தரை, ஒருவரும் இல்லை, காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். லண்டன்காரர் தங்கள் இரவு எட்டுக்கு வந்தபோது இங்கே திங்கள் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில், எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளை வேட்டி கட்டி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடசாலை அலுவலகத்தில் தொலைபேசியின் முன்னால் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லோரின் முகமும் பார்க்கலாம் என்று வந்தவர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

நேரம் பிசகுவது வன்னியாருக்குப் புதிதல்ல. 1996இல் கொழும்பு கடிகாரத்தை முன்தள்ளியபோது வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, வவுனியாவுக்கும் எங்களுக்கும் இடையில் அரை மணி வித்தியாசம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாதை திறந்த பின் ஓமந்தையில் வரிசையில் நிற்கும்போது, என் அம்மா மணிக்கூட்டின் திருகை நகத்தால் இழுத்து முள்ளை அரை மணி முன்னே தள்ளுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் பின்னே இழுப்பார். யாராவது நேரம் சொன்னால் "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்காமல் அன்று ஒருவரும் வீட்டை விட்டு இறங்கியதில்லை. அந்தக் கேள்வியை உங்களைக் கேட்க விடாமல் நானே முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இம்முறை கூடுதல் கவனம் தேவை. நாம் கூடும் வாரத்தில் உலகத்துக் கடிகாரங்கள் ஒன்றாக மாறுவதில்லை. ஐரோப்பாவில் ஒக்டோபர் 26, ஞாயிறு அதிகாலை ஒரு மணி நேரம் பின்னே போகும். கனடாவில் நவம்பர் 2, ஞாயிறு அதிகாலை, அதாவது எங்கள் கூட்டத்துக்கு மறுநாள்தான் மாறும். சிட்னியும் மெல்பேர்ணும் ஒக்டோபர் 5இலேயே முன்னே போய்விட்டன. பிரிஸ்பேன் மாற்றுவதே இல்லை. ஆகவே இன்றைய வித்தியாசத்தைக் கொண்டு கணக்குப் போடாதீர்கள். லண்டனில் இன்று நான்கரை மணி கழித்தால் பகல் 12.30 வரும், கூட்ட நாளில் ஐந்தரை கழிக்க வேண்டும், முற்பகல் 11.30தான் சரி. ரொறன்ரோக்காரர் நவம்பர் 1 வரை ஒன்பதரையே கழியுங்கள்.

மின்சாரமோ இணையமோ எங்களைக் கைவிட்டால், 5.20 வரை காத்திருங்கள். அதற்குள் நாங்கள் வராவிட்டால் கூட்டம் மறுநாள், நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை நேரம் அதே மாலை 5.00 மணிக்கு. ஆனால் அன்று கனடாவில் மட்டும் கடிகாரம் மாறியிருக்கும்: ரொறன்ரோவில் ஞாயிறு காலை 6.30, வான்கூவரில் ஞாயிறு அதிகாலை 3.30. மற்ற ஊர்களில் மேலே உள்ள மணியேதான், கிழமை மட்டும் ஞாயிறு.

வான்கூவர் தங்கைக்கு அதிகாலை நாலரை கொடுமையான நேரம் என்பது தெரியும். ஒன்றரை மணி பிந்தினால் மெல்பேர்ண் அண்ணாவுக்குச் சரியாக நள்ளிரவு. "இரவு 12 மணி" என்ற சொல்லே எந்த நாளைக் குறிக்கிறது என்று ஊருக்கு ஊர் சண்டை பிடிக்கும். அதனால் அதை எந்தக் கூட்டத்துக்கும் வைப்பதில்லை என முடிவு செய்திருக்கிறோம். அடுத்த கூட்டம் வான்கூவருக்கு வசதியான நேரத்தில் இருக்கும், அப்போது அவுஸ்திரேலியா பொறுத்துக்கொள்ளட்டும். இம்முறை வர முடியாதவர்கள் கருத்தைக் குரல்பதிவாக அனுப்பினால் கூட்டத்தில் போட்டுக் காட்டுவோம்.

இனிப் பேச வேண்டிய விடயம். கூரைக்கு இரண்டு விலைமதிப்புகள் வந்திருக்கின்றன. தகரக் கூரைக்கு 18 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஓட்டுக் கூரைக்கு 23 இலட்சம். ஓடு வெயில் தாங்கும், பிள்ளைகள் நிம்மதியாகப் படிப்பார்கள். ஆனால் பழைய வளை மரங்கள் பாரத்தைத் தாங்குமா என்று தச்சர் தயங்குகிறார். என் மனம் ஓட்டில்தான் இருக்கிறது. இரண்டு விலையும் நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் பிற்பகல் 4.00 வரையே செல்லும். கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் புத்தகங்களை மறுபடியும் அதிபரின் அறைக்குத்தான் தூக்க வேண்டும். சென்ற மாரியில் நனைந்த ஒரு அகராதியை வெயிலில் விரித்து, ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தார்கள் பிள்ளைகள். 'ப' வரிசை முழுதும் போய்விட்டது.

ஸூம் இணைப்பு நமது வட்ஸ்அப் குழுவில் மேலே குத்தி வைக்கப்பட்டுள்ளது. இலங்கை நேரம் 4.45க்குத் திறக்கும். நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்தால் அதே இணைப்பை மீண்டும் அழுத்துங்கள். அறுந்தது கூட்டம் முடிந்ததற்கு அறிகுறி அல்ல.

ஒக்டோபர் 27, திங்கட்கிழமை, இலங்கை நேரம் இரவு 9.00 மணிக்கு முன்னர் பதில் தாருங்கள். "வருகிறேன்" என்று மட்டும் எழுத வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊர், கிழமை, உங்கள் மணி மூன்றையும் எழுதுங்கள்: "சூரிச், சனி, பகல் 12.30, வருகிறேன்" என்பது போல. ஒவ்வொன்றையும் நானே சரிபார்த்துப் பதில் போடுவேன். பிழை இருந்தால் தொலைபேசியில் அழைப்பேன். ஆசிரியரிடமும் மாலை ஐந்து மணி என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
செயலாளர்
பழைய மாணவர் சங்கம்