வகுப்பறை அவதானிப்புக்கு அனுமதி கோரி அதிபருக்கு ஒரு கடிதம்

இ. சுபாஷினி,
கல்விப் பீடம்,
கொழும்புப் பல்கலைக்கழகம்,
கொழும்பு 03.
28.04.2025

அதிபர் அவர்கள்,
தமிழ் மகா வித்தியாலயம்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

மதிப்பிற்குரிய அதிபர் அம்மணி அவர்களுக்கு,

தரம் 7 கணித பாடவேளைகளை அவதானிக்க அனுமதி கோரல்

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் கல்வி முதுமாணிப் பட்டத்துக்குக் கற்று வருகிறேன். அதற்கு முன் கொழும்பிலுள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் இடைநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தேன். எனது ஆய்வேட்டுக்காகத் தங்கள் பாடசாலையின் தரம் 7 கணித வகுப்புகளில் சில பாடவேளைகள் பின்வரிசையில் அமர்ந்திருக்க அனுமதி வேண்டி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மாணவர் ஒருவர் பிழையான விடை சொன்ன பின் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதே எனது ஆய்வின் வினா. அதைப் பின்னங்கள் அலகில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் 2/5 என்று சொல்லும் பிள்ளையைக் கணித ஆசிரியர் எவரும் அறிவார். மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டிவிடுகிறது. 2/5 அரையிலும் குறைவு. அரைப் பாணோடு இன்னுமொரு துண்டைச் சேர்த்த பிறகு பாண் குறைந்துபோகாது என்பதை அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதே பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால், ஒரு பகுதிக்கு 7/10, அடுத்த பகுதிக்கு 8/10, அடியில் மொத்தம் 15/20 என்று ஆசிரியரே சிவப்புப் பேனாவால் எழுதியிருப்பார். புள்ளிகளைக் கூட்டும்போது அது சரிதான். பிள்ளை தான் கண்ட ஒரு முறையை, அது பொருந்தாத இடத்தில் கையாள்கிறது. அந்தப் பிழைக்கு ஒரு நியாயம் உண்டு. அதைக் கேட்டறிந்தால் தொகுதியெண், பகுதியெண் என்பவற்றின் பொருளையே அந்த இடத்தில் விளக்கிவிடலாம். கேட்காமல் "வேறு யார்?" என்று அடுத்த கைக்குப் போனால், சரியான விடை பலகைக்கு வந்துவிடும், பிழையான எண்ணம் மட்டும் பிள்ளையிடமே தங்கிவிடும். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறும் பிள்ளைகளின் இடர்ப்பாடு தரம் 11இல் தொடங்குவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

விடைத்தாள்களை மட்டும் திரட்டி இந்த ஆய்வைச் செய்ய முடியாது. தவணைப் பரீட்சைத் தாளில் 2/5 என்ற விடை இருக்கும். அந்த விடையைச் சொன்ன பின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருந்தார், என்ன கேட்டார், பிள்ளை வாய் திறந்ததா, அருகிலிருந்த பிள்ளை உதவியதா என்பதெல்லாம் தாளில் இருக்காது. 2007இல் அறிமுகமான தேர்ச்சி மையப் பாடத்திட்டம் மாணவர் தாமே கண்டறிந்து விளக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நெருக்கமான ஒரு வகுப்பில் 40 நிமிடத்துக்குள் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை வகுப்பில் நின்றவர்களே அறிவர். அந்தக் கடினத்தையும் ஆய்வேட்டில் நேர்மையாகப் பதிவுசெய்வேன்.

தங்கள் பாடசாலையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழும் ஒழுங்கையில் சிங்களமும் பேசி வளர்கிறார்கள். மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் தன் யோசனையைச் சொல்ல இந்தப் பிள்ளைகள் எந்தச் சொற்களை நாடுகிறார்கள் என்பது நமது பாடசாலைகளுக்கு மிகவும் தேவையான செய்தி.

மே 26 முதல் ஜூன் 27 வரையான ஐந்து வாரங்களில், தரம் 7இன் இரண்டு வகுப்புப் பிரிவுகளில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் வீதம் அவதானிக்க வேண்டுகிறேன். பின்னங்கள் அலகு முன்பின்னாக நடந்தால் நேரசூசிக்கு ஏற்ப நானே மாற்றிக்கொள்வேன். எனக்காக எந்தப் பாடவேளையையும் மாற்ற வேண்டாம். வகுப்பில் பேசமாட்டேன், பிள்ளைகளின் புத்தகங்களை ஆசிரியரைக் கேட்காமல் தொடமாட்டேன், புகைப்படமோ காணொளியோ எடுக்கமாட்டேன். ஆசிரியரும் பெற்றோரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்வேன். சம்மதிக்காத பெற்றோரின் பிள்ளை பேசியவை குறிப்பிலும் இடம்பெறா. அலகு முடிந்த பின் ஆசிரியர் ஒவ்வொருவருடனும், அவர் விரும்பினால், ஓய்வுப் பாடவேளை ஒன்றில் சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன்.

ஒரு விடயத்தைத் தங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்பின் பின்னால் கோவையோடு ஒருவர் அமர்ந்தால், ஆசிரியருக்கு நினைவில் வருவது வலய மேற்பார்வை. அன்று நன்றாகத் தயாரித்த பாடம் நடக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகளிடமே கேள்விகள் போகும். ஒரு பிழையும் வகுப்பில் எழாது. அப்படியானால் எனது ஆய்வும் இல்லை. எனவே எனது குறிப்புகள் வலயக் கல்விப் பணிமனைக்கோ ஆசிரிய ஆலோசகருக்கோ போகா என்று ஆசிரியர்களுக்கு உறுதியளிக்க விரும்புகிறேன். அதிபர் என்ற முறையில் தங்களிடமும் அவற்றைக் காட்ட இயலாது. தங்கள் பாடசாலையில் நடப்பதை அறியும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை உணர்ந்தே இதைக் கேட்கிறேன். குறிப்புகளை அந்தந்த ஆசிரியர் மட்டும் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம், எந்தப் பகுதியையும் நீக்கச் சொல்லலாம். இதற்குத் தாங்கள் இணங்குவதை ஆசிரியர்களிடம் தாங்களே ஒரு வார்த்தை சொன்னால், நான் நூறு முறை சொல்வதைவிட அவர்கள் நம்புவார்கள். விருப்பமில்லாத ஆசிரியர் மறுக்கலாம், காரணம் கேட்கமாட்டேன். தங்கள் இணக்கம் அவருக்குக் கட்டளையாகிவிடக் கூடாது என்பதையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு ஒரேயொரு விலக்கு: பிள்ளை ஒன்றின் பாதுகாப்புக்குக் கேடான எதையும் காண நேர்ந்தால் உடனே தங்களிடம் தெரிவிப்பேன்.

ஆய்வேட்டில் பாடசாலையின் பெயரோ ஆசிரியர், மாணவர் பெயர்களோ வராது. கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ப் பாடசாலை என்று மட்டும் குறிப்பிடுவேன். முடிவுகள் தொகுக்கப்பட்டதும் தங்கள் கணித ஆசிரியர்கள் விரும்பினால் பாடசாலை முடிந்த பின் ஒரு மாலை வந்து பகிர்ந்துகொள்வேன். பின்னங்களில் பிள்ளைகள் விடும் பிழைகளையும் அவற்றின் பின்னாலுள்ள யோசனைகளையும் ஒரு சிறு கைநூலாகத் தமிழில் எழுதித் தருவதும் என் எண்ணம்.

எனது மேற்பார்வையாளரின் கடிதம், பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவின் அங்கீகாரம், வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம், ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமான சம்மதப் படிவங்கள், அவதானிப்புத் தாளின் மாதிரி ஆகியவற்றை இணைத்துள்ளேன். மேற்பார்வையாளரின் கடிதத்தில் எனது தொலைபேசி எண் உள்ளது. பெற்றோர் படிவத்தின் சொற்கள் எளிமையாக இருக்கின்றனவா என்று தாங்கள் பார்த்துச் சொன்னால் பேருதவி. கொட்டாஞ்சேனைப் பெற்றோரை என்னைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள்.

வெசாக் விடுமுறைக்குப் பின் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் நேரில் வந்து விளக்கமளிக்க ஆயத்தமாக இருக்கிறேன். பிரதி அதிபரும் கணிதப் பகுதித் தலைவரும் அப்போது உடனிருந்தால் அவர்களுடைய ஐயங்களுக்கும் அங்கேயே பதிலளிக்கலாம். எந்த நாளில் வரலாம் என்பதை அலுவலகத்தின் ஊடாகத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
இ. சுபாஷினி
கல்வி முதுமாணி மாணவி