பொருள்: காபித் தோட்டம் போரர் விஷயம் – ஜூலை 14 மெயில்ல நீங்க கேட்ட விவரம்

வணக்கம் மேடம்,

நான் ஏற்காடு நாகலூர்ல இருந்து கவிதா. எங்க காபிச் செடியில தண்டுத் துளைப்பான் விழுந்திருக்குன்னு ஜூலையில எழுதியிருந்தேன், நீங்களும் உடனே பதில் போட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் எப்ப வர்றீங்கன்னு ரெண்டு தடவை கேட்டு மெயில் அனுப்பினேன், பதில் வரலையேன்னு இருந்தேன். நேத்து ராத்திரி உங்க பழைய மெயிலை முழுசா திரும்பப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, கடைசியில நீங்க "எந்தப் பக்கம், எத்தனை செடி, நிழல் எப்படி, எழுதுங்க, பார்த்துட்டு சொல்றேன்"னு கேட்டிருக்கீங்க, செப்டம்பர்ல வரலாம்ங்கற மொத வரியைப் பார்த்த சந்தோஷத்துல நான் அதைக் கவனிக்கவே இல்ல. தப்பு என்மேலதான், மன்னிச்சிருங்க மேடம்.

விவரம் இதுதான். மொத்தம் ரெண்டு ஏக்கர், எல்லாம் அராபிகா. நானும் அப்பாவும் வரிசை வரிசையா நடந்து எண்ணினதுல 140 செடியில இலை மஞ்சளாகி வாடுது, தண்டுல வளையம் வளையமா மேடு தட்டியிருக்கு. அதுல 110 செடி தெக்குச் சரிவுலயே இருக்கு. அந்தப் பக்கம் சில்வர் ஓக் பதினாலு மரத்தை ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா கல்யாணச் செலவுக்காக வெட்டி வித்தோம், இப்ப மத்தியானம் முழுக்க வெயில் நேரா தண்டுல அடிக்குது. நிழல் நல்லா இருக்கிற வடக்குப் பக்கம் முப்பது செடிதான். வாடின ஒரு செடியைப் பிளந்து பார்த்தோம், உள்ள தூள் அடைச்ச சுரங்கம், வெள்ளைப் புழு ரெண்டு உயிரோட இருந்துச்சு.

இப்ப எனக்கு அவசரமா தெரியவேண்டியது ஒண்ணுதான். அக்டோபர்ல வண்டு வெளிய வர ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள இதையெல்லாம் வேரோட பிடுங்கி எரிச்சிரணும்னு அப்பா சொல்றார், எனக்கும் அதுதான் சரின்னு படுது, ஆனா நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடி அழிச்சிட்டா உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாதேன்னுதான் நிறுத்தி வச்சிருக்கோம். உங்களுக்காகப் பத்து செடியை மட்டும் விட்டுட்டு மீதியை இந்த வாரமே பிடுங்கிரலாமா மேடம்? ஆமா இல்லைன்னு ஒரு வரி போட்டா போதும்.

மலை ஏறி வர நேரம் இல்லைன்னாலும் பரவாயில்ல, பாதிச்ச தண்டை ரெண்டடி ரெண்டடியா வெட்டி கோணியில நல்லா இறுக்கிக் கட்டி, சேலத்துல உங்க டிபார்ட்மெண்ட்டுக்கு நானே பஸ்ல கொண்டுவந்து குடுக்கறேன், எந்த நாள்னு மட்டும் சொல்லுங்க. அந்தச் சரிவுல அப்பா நட்ட செடி எல்லாம் பன்னெண்டு வருஷம் ஆச்சு, மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்திரணும்னு அவர் தினமும் காலையில போய் தண்டைத் தடவிப் பார்த்துட்டு வர்றார்.

வளையம் தட்டின தண்டு, பிளந்த தண்டு, தெக்குச் சரிவு, மூணு போட்டோ இதோட இணைச்சிருக்கேன்.

நன்றி மேடம்,
கவிதா
நாகலூர், ஏற்காடு